ஒரு வரியை வாசிக்கக் கற்பது: தர்ஸே நிஜாமியும் ஆலிம் உருவான படிகளும்

கி.பி. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லக்னோவின் ஃபிரங்கி மஹாலில் முல்லா நிஜாமுத்தீன் என்ற ஆசிரியர் பாடம் நடத்தி வந்தார். நிலத் தகராறில் தந்தை முல்லா குத்புத்தீன் கொல்லப்பட்ட பிறகு, முன்பு ஐரோப்பிய வணிகர் ஒருவர் குடியிருந்த அந்த மாளிகையை அவருடைய குடும்பத்துக்குப் பேரரசர் அவுரங்கசீப் வழங்கியிருந்தார். 1748இல் மறைந்த நிஜாமுத்தீன் வகுத்து நடத்திய பாடவரிசையே அவர் பெயரால் ‘தர்ஸே நிஜாமி’ எனப்பட்டது. ஆலிம்களை, அதாவது மார்க்க அறிஞர்களை, உருவாக்கும் தெற்காசிய மதரஸாக்களில் பெரும்பாலானவை இன்றும் அதன் ஏதோ ஒரு வடிவத்தைப் பின்பற்றுகின்றன.

இந்தப் பாடத்திட்டத்தைப் பாடங்களின் பட்டியலாகப் பார்ப்பதைவிட, வாசிக்கப் பழக்கும் ஒரு முறையாகப் பார்த்தால்தான் அதன் அமைப்பு விளங்கும். ஒவ்வொரு துறையிலும் ஓரிரு நூல்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. அவையும் எளிய நூல்கள் அல்ல. சொற்செட்டு மிகுந்தவை, ஒரு வரிக்குள் நான்கு கேள்விகளை ஒளித்து வைத்தவை. இத்தகைய நூலை ஆசிரியர் முன்னிலையில் முறையாக முடித்த மாணவர், அத்துறையின் மற்ற நூல்களை ஆசிரியர் துணையின்றியே படித்துக்கொள்வார் என்பதுதான் இதன் அடிப்படைக் கணக்கு.

முதற்படி மக்தப். அங்கே சிறுவர்கள் குர்ஆனை எழுத்துக்கூட்டி ஓதப் பழகினார்கள், பாரசீகமும் படித்தார்கள். பாரசீகம் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது, ஏனென்றால் அரபு இலக்கணத்தின் தொடக்க நூல்களே பாரசீகத்தில்தான் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் முதலாவது ‘மீஸான்’. ஒரு வினைச்சொல் பால், எண், இடம் ஆகியவற்றுக்கு ஏற்ப எடுக்கும் பதினான்கு வடிவங்களையும் மாணவர் வாய்விட்டு ஒப்பிக்க வேண்டும். சொல்லின் உள்வடிவத்தை ஆராயும் இப்பகுதிக்கு ஸர்ஃபு என்று பெயர். வாக்கியத்தில் சொல்லின் ஈறு எப்படி மாறுகிறது என்பதைக் கூறும் நஹ்வு அதன் பின்னால் வரும்.

இந்த இரண்டுக்கும் ஏன் ஆண்டுக்கணக்கில் நேரம் ஒதுக்கினார்கள் என்பதற்கு அரபு எழுத்துமுறையே காரணம். கிதாபுகளில் குறில் உயிரொலிகள் எழுதப்படுவதில்லை. க, த, ப என்ற மூன்று எழுத்துகள் மட்டும் தாளில் இருக்கும். அதை ‘கதப’ என்று வாசித்தால் ‘எழுதினான்’, ‘குதிப’ என்றால் ‘எழுதப்பட்டது’, ‘குதுப்’ என்றால் ‘நூல்கள்’. எது சரி என்பதை வாக்கிய அமைப்பைக் கொண்டு வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும். ஆகவே பொருள் புரிந்தால் ஒழியச் சரியாக வாசிக்கவே முடியாது.

வகுப்பின் நடைமுறையும் இதைச் சுற்றியே அமைந்தது. மறுநாள் பாடத்தை மாணவர் முந்தைய இரவே தனியாகப் பார்த்து வைக்க வேண்டும். இதற்கு முதாலஆ என்று பெயர். பாட நேரத்தில் ஒரு மாணவர் மூல வரியை, அதாவது இபாரத்தை, உயிரொலிகளோடு உரக்க வாசிப்பார். ஈறு தவறினால் உஸ்தாது அங்கேயே நிறுத்திக் காரணம் கேட்பார். விளக்கம் முடிந்தபின் மாணவர்கள் கூடி உட்கார, அவர்களில் தேர்ந்த ஒருவர் அதே பாடத்தை மீண்டும் நடத்துவார்; அது தக்ரார். வகுப்பு எண்களுக்கு அன்று வேலையில்லை. ‘ஷரஹு ஜாமி ஓதுகிறார்’ என்றாலே அந்த மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது விளங்கிவிடும்.

அந்த நூலின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 13ஆம் நூற்றாண்டின் இப்னுல் ஹாஜிப் எழுதிய ‘காஃபியா’ என்ற சுருக்கமான நஹ்வு நூலுக்கு, 1492இல் மறைந்த பாரசீகக் கவிஞர் ஜாமி தம் மகனுக்காக எழுதிய உரை அது. ‘சொல் என்பது தனித்த பொருளுக்காக வகுக்கப்பட்ட ஒலி’ என்பது மூலத்தின் முதல் வரையறை. இதில் ‘தனித்த’ என்பதற்குரிய ‘முஃப்ரத்’ என்ற சொல்லை எந்த ஈற்றோடு வாசிப்பது? ‘முஃப்ரதின்’ என்றால் அது பொருளுக்கு அடைமொழி. ‘முஃப்ரதுன்’ என்றால் ஒலிக்கு அடைமொழி. ‘முஃப்ரதன்’ என்றால் நிலையைக் குறிக்கும். ஆனால் அப்படி வாசிக்க இறுதியில் ஓர் அலிஃப் எழுதப்பட்டிருக்க வேண்டும், அது இல்லை. மூன்றாவது வாசிப்புக்கு எழுத்துமுறை துணைநிற்கவில்லை என்பதை ஜாமியே குறிப்பிட்டுவிட்டு, அதற்கும் இடமுண்டா என்று ஆராய்கிறார். இப்படி ஒரே சொல்லின் மீது ஒரு முழுப் பாடவேளையே கழியக்கூடும். மூலம், அதன் உரை, உரைக்கு ஓரத்தில் எழுதப்பட்ட ஹாஷியா என்று ஒரே பக்கத்தில் மூன்று குரல்கள் வாதிடுவதைப் பின்தொடரும் திறன் மாணவருக்கு இங்கேதான் வருகிறது.

அதன்பின் மன்திக், அதாவது தர்க்கம், கனக்கத் தொடங்கும். நிஜாமுத்தீன் அதற்கும் தத்துவத்துக்கும் மிகுந்த இடம் கொடுத்தார். தம் காலத்தில் வாழ்ந்த முஹிப்புல்லாஹ் பிஹாரியின் ‘ஸுல்லம்’ போன்ற இந்திய அறிஞர்களின் நூல்களையும் துணிந்து சேர்த்தார். கணிதத்தில் யூக்ளிடின் முதற்பகுதியும், கொஞ்சம் வானியலும் இருந்தன. ஃபிக்ஹு சட்டத்துக்கு ஹனஃபி மத்ஹப் என்ற சட்டப்பிரிவின் ‘ஹிதாயா’, சட்டம் பெறப்படும் முறையைக் கூறும் உஸூலுக்கு ‘நூருல் அன்வார்’ முதலியவை, குர்ஆன் விரிவுரையான தஃப்சீருக்கு ‘ஜலாலைன்’, ‘பைளாவி’ ஆகியவை வைக்கப்பட்டன. நபிமொழிகளான ஹதீஸுக்கு ‘மிஷ்காத்’ என்ற ஒரே தொகுப்புதான்.

இந்தச் சமநிலையில்தான் குறை இருந்தது. கருவியாக வைக்கப்பட்ட தர்க்கம் பல இடங்களில் நோக்கமாகவே மாறி, ஹாஷியாவுக்கு ஹாஷியா ஓதுவதில் ஆண்டுகள் கரைந்தன. 1866இல் தொடங்கிய தேவ்பந்த் மதரஸா இதைத் திருத்த முனைந்தது. தத்துவத்தைக் குறைத்து, புகாரி, முஸ்லிம் முதலிய ஆறு ஹதீஸ் தொகுப்புகளையும் ஓதும் ‘தவ்ரா’ என்ற ஆண்டை இறுதிப்படியாக வைத்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஹதீஸுக்கே நீண்ட சட்ட விவாதம் நடக்கும். முடிவை நெருங்கும்போது விளக்கமின்றி விரைவாக ஓதிச் செல்வார்கள். அப்படி ஓதுவதற்கும் காரணம் உண்டு: ஆசிரியர் முன்னிலையில் முழு நூலும் ஓதப்பட்டால்தான் ஆசிரியருக்கு ஆசிரியராகத் தொடரும் அவருடைய அறிவிப்பாளர் சங்கிலியில் மாணவர் இணைய முடியும். அதற்கான அனுமதியே இஜாஸா. முழுப் படிப்பும் முடிந்ததற்கான சனதும், தலைப்பாகை கட்டும் சடங்கும் இதிலிருந்து வேறானவை.

சனது பெற்றவரெல்லாம் தேர்ந்தவர் ஆகிவிடுவதில்லை. விளக்கக் குறிப்புகளை மனப்பாடம் செய்து கரையேறியவரைக் கண்டுபிடிப்பது எளிது: அவர் ஓதாத கிதாபின் நடுப்பக்கத்தைத் திறந்து இபாரத்து வாசிக்கச் சொன்னால் போதும், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக வாசித்து மாட்டிக்கொள்வார். நல்ல தேர்ச்சி பெற்றவருக்கோ அடுத்த படி கற்பித்தலே. தாம் ஓதிய நூலைப் பலமுறை நடத்தி, இறுதியில் அதற்கே உரை எழுதும்போதுதான் அவரைப் பேரறிஞர் வரிசையில் வைத்தார்கள்.

நிஜாமுத்தீனின் மகன் அப்துல் அலீ அந்த வரிசையில் நின்றவர். தந்தையின் பாடவரிசையில் இருந்த ‘ஸுல்லம்’ நூலுக்கும், அதே பிஹாரியின் உஸூல் நூலான ‘முஸல்லமுத் துபூத்’துக்கும் உரை எழுதினார். ‘பஹ்ருல் உலூம்’, கல்விக்கடல், என்று போற்றப்பட்ட அவர் ஆற்காடு நவாபு முஹம்மது அலி வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து கற்பித்தார்; 1810இல் இங்கேயே மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார். தமிழகத்தின் அரபுக் கல்லூரிகளிலும் தர்ஸே நிஜாமியின் சுவடு உண்டு. ஆனால் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரை ஊர்களில் ‘ஹிதாயா’வின் இடத்தில் பொன்னானி மக்தூமின் ‘ஃபத்ஹுல் முஈன்’ ஓதப்படுகிறது. ஸர்ஃபும் நஹ்வும் அங்கும் முதலில்தான் வருகின்றன.