லேயரோடு சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றினால் பின்னணி ஏன் வெளுக்கிறது?

ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பக்கத்து ஆஃப்செட் அச்சகங்களுக்குப் போகும் ஃபைல்களை பிளேட் போடுவதற்கு முன் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. பல படங்களை வெட்டி ஒட்டிச் செய்த டிசைன்களில் நான் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றுதான்: திரையில் ஜொலித்த பின்னணி அச்சில் மங்கிவிட்டது, இல்லாவிட்டால் வேறு நிறமாகிவிட்டது. மை சரியில்லை, மிஷின்மேன் கவனிக்கவில்லை என்று பேச்சு போகும். ஃபைலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் நிறம் அங்கேயே கெட்டிருக்கும்.

சமீபத்தில் வந்த ஓர் அரங்கேற்ற அழைப்பிதழை எடுத்துக்கொள்கிறேன். ஆழ்ந்த நீலப் பின்னணி. நடுவில் வெட்டி வைத்த நடனமணி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், காலடியில் புகை. ஒளியும் புகையும் கறுப்புத் தளத்தில் எடுத்த படங்கள். அவற்றை Screen மோடில் வைத்தால் கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும், எல்லோரும் செய்வதுதான். வேலை முடிந்ததும் டிசைனர் Image > Mode > CMYK Color கொடுத்திருக்கிறார். லேயர்களை ஒன்றாக்கட்டுமா என்று ஃபோட்டோஷாப் கேட்டபோது, பிறகு திருத்தம் வந்தால் வேண்டுமே என்று Don't Flatten அழுத்திவிட்டார். நீலம் வெளுத்தது. புகையைச் சுற்றி மெல்லிய செவ்வகக் கட்டம் ஒன்றும் எழுந்தது.

"ரெண்டும் ஒரே படம்தானே அண்ணா, மோடு மாத்தினா எப்படி கட்டம் வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

Screen, Multiply, Overlay போன்ற மோடுகள் நிறத்தைப் பார்த்துக் கலப்பதில்லை. ஒவ்வொரு சானலிலும் உள்ள எண்களை வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஆர்.ஜி.பி.யில் முழுக்கறுப்பு என்றால் மூன்று சானலிலும் 0. Screen கணக்கில் 0 வந்தால் கீழே இருப்பது அப்படியே நிற்கும். அதனால்தான் கறுப்பு மறைகிறது. ஃபோட்டோஷாப்பில் பலரும் மாற்றாமல் விட்டிருக்கும் U.S. Web Coated (SWOP) v2 ப்ரொஃபைலில் அதே கறுப்பு சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று ஆகிறது. கீழே இருப்பது மாறாமல் நிற்க நான்கும் 100 ஆக இருக்க வேண்டும்; இங்கே அப்படி இல்லை. Screen கணக்கு இப்போது இரண்டு லேயர்களின் மை அளவையும் பெருக்குவதாக முடியும். கீழே இருக்கும் நீலம் சயான் 100, மெஜந்தா 70 என்று வைத்துக்கொள்வோம். சயான் 100-இல் 75 சதவீதம் என்று 75 ஆகிவிடும். மெஜந்தா 70-இல் 68 சதவீதம் என்று 48-க்கு இறங்கிவிடும். மறைய வேண்டிய கறுப்பு, தான் நிற்கும் இடமெல்லாம் பின்னணியின் மையைத் தின்றுவிட்டது. புகைப் படத்தின் ஓரம் முடியும் இடத்தில் கட்டம். ஒளிவட்டப் படம் பக்கம் முழுக்கப் பரந்திருந்ததால் பக்கம் முழுக்க வெளிறல்.

இந்த ஃபைலை மறுபடி ஆர்.ஜி.பி.க்குத் திருப்பினால் முழுக்கச் சரியாகாது. மூல ஃபைலைத்தான் கேட்டு வாங்க வேண்டும். லேயர்களோடு ஆர்.ஜி.பி. மூலத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, Image > Duplicate கொடுத்து நகல் எடுத்து, அந்த நகலை மட்டும் ஃப்ளாட்டன் செய்து, அப்புறம் மாற்றுங்கள். கலப்புக் கணக்கெல்லாம் ஆர்.ஜி.பி.யிலேயே முடிந்துவிடுவதால், மாறப்போவது கண்ணுக்குத் தெரியும் நிறம் மட்டும்தான். திருத்தம் வந்தால் மூலத்தில் செய்துவிட்டு மறுபடி நகல் எடுக்கலாம்.

இதோடு கட்டமும் வெளிறலும் போய்விடும். அடுத்து மிஞ்சுவது, நீலம் ஊதாவாகும் தொல்லை. திரையின் சுத்தமான நீலத்தை நான்கு மைகளால் கொண்டுவர முடியாது. ஆர்.ஜி.பி.யில் 0, 0, 255 என்ற நீலம் அதே SWOP ப்ரொஃபைலில் சயான் 88, மெஜந்தா 77 ஆகிறது. மெஜந்தா சயானுக்கு இவ்வளவு நெருங்கினால் காகிதத்தில் கத்தரிப்பூ நிறம்தான் வரும். நீலமாகவே நிற்க வேண்டும் என்றால் மெஜந்தா, சயானைவிடக் குறைந்தது 30 புள்ளி கீழே இருக்கட்டும் என்பது அச்சுத் தொழிலில் பழைய கணக்கு. நான் இன்றும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை மாற்றிய பிறகு சரிசெய்வதைவிட, லேயர்கள் உயிரோடு இருக்கும்போதே ஆர்.ஜி.பி. மூலத்தில் செய்வது நல்லது. முதலில் எந்த ப்ரொஃபைல் என்று அச்சகத்தைக் கேளுங்கள். ஆர்ட் பேப்பரில் ஷீட் ஆஃப்செட் வேலை, அச்சகமும் எதுவும் சொல்லவில்லை என்றால் நான் Coated FOGRA39 எடுப்பேன்; SWOP அமெரிக்காவின் ரீல் காகித மிஷின்களுக்காக வந்தது. View > Proof Setup > Custom போய் அந்த ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால், ஃபைல் ஆர்.ஜி.பி.யாகவே இருக்க, அச்சு எப்படி வரும் என்று திரை காட்டும். Ctrl+Y அழுத்தி மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அந்த நொடியில் நிறம் சரிவதைப் பார்த்தால் எல்லோருக்கும் மனசு உடையும்; அதனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அழுத்திவிட்டு, சற்றுப் பொறுத்துத் திரும்பிப் பாருங்கள். கண் பழகினால்தான் சரியாகத் தீர்மானிக்க முடியும்.

Info பேனலில் இரண்டாவது அளவை Proof Color என்று வைத்துவிட்டால் மையின் எண்களும் கூடவே தெரியும். அழைப்பிதழின் பின்னணி லேயருக்கு மட்டும் ஒரு Hue/Saturation போட்டு, Blues-இல் Hue-வைக் கொஞ்சம் கொஞ்சமாக மைனஸ் பக்கம், அதாவது சயான் பக்கம் நகர்த்தினோம். மெஜந்தா இறங்கி இடைவெளி கிடைத்ததும் நிறுத்திவிட்டோம். பின்னணி தனி லேயராக இருந்ததால் நடனமணியின் முகத்திலோ பட்டிலோ எதுவும் மாறவில்லை. ஃப்ளாட்டான படத்தில் இதே வேலைக்கு மாஸ்க் கட்டி மாள வேண்டியிருக்கும்.

மாற்றும்போது Mode மெனுவைவிட Edit > Convert to Profile நல்லது. Mode மெனு Color Settings-இல் இருப்பதைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளும். இங்கே ப்ரொஃபைலையும் Intent-ஐயும் நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். Relative Colorimetric, மைக்கு எட்டாத நிறங்களையெல்லாம் எல்லையில் கொண்டுபோய் நிறுத்தும். அதனால் பளிச்சென்ற நீலத்திலிருந்து கருநீலத்துக்கு இறங்கும் கிரேடியன்டின் மேல்பகுதி ஒரே பட்டையாகத் தட்டையாகலாம். Perceptual எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கி இறக்கத்தைக் காப்பாற்றும். பதிலுக்கு மொத்தப் படமும் சற்று அடங்கும். Preview-வை வைத்து இரண்டையும் பாருங்கள். இந்த வேலையில் Perceptual-தான் எடுபட்டது.

நிறம் இவ்வளவு சரியாக இருந்தும், படத்தை அச்சுப் பக்கத்தில் வைக்கும்போது ஒட்டாமல் போவதுண்டு. படம் முடியும் இடத்திலிருந்து அதே நீலத்தை கோரல்டிராவில் கட்டமாக நீட்டுவார்கள். அந்தக் கட்டம் ஆர்.ஜி.பி. நிறத்தில் இருந்தால் பி.டி.எஃப். ஆகும்போது அது வேறு செட்டிங்கில் மாறி, இணைப்பில் கோடு தெரியும். மாற்றிய படத்தின் ஓரத்தில் ஐட்ராப்பர் வைத்து, அந்த சி.எம்.ஒய்.கே. எண்களையே கட்டத்துக்குக் கொடுங்கள். ஓரம் கிரேடியன்டாக இருந்தால் நீட்டலையும் ஃபோட்டோஷாப்பிலேயே செய்துவிடுங்கள்.

காகிதம் மாறினால் இந்தக் கணக்கு செல்லாது. ஆண்டர்சன் தெருவில் வாங்கும் சொரசொரப்பான அழைப்பிதழ் அட்டையோ மேப்லித்தோவோ மையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீலம் இன்னும் அடங்கும். அதற்குக் கோட்டிங் இல்லாத காகிதத்தின் ப்ரொஃபைலை வைத்து மூலத்திலிருந்து தனியாக இன்னொரு நகல் எடுக்க வேண்டும். அப்போதும் திரையின் நீலமேதான் வேண்டும் என்று வீட்டார் பிடிவாதமாக இருந்தால், ஐந்தாவதாக ஒரு தனி நீல மை ஓட்டச் சொல்லுங்கள். கூடுதல் செலவை முன்பே சொல்லிவிடுங்கள். இதே டிசைன் கல்யாண ஆல்பம் போல ஃபோட்டோ பேப்பரில் லேபில் பிரிண்ட் ஆகப்போகிறது என்றால் மாற்றவே வேண்டாம். அவர்களுக்கு எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக்தான் வேண்டும்.