தளம் எழும்பும் வேகத்தில் வட்டியும் எழும்பும்: கட்டி முடியாத ஃப்ளாட்டும் ப்ரீ-இஎம்ஐயும்

சென்னைப் புறநகரில் ஃப்ளாட் வாங்கிய ஒருவர், சென்ற ஆண்டு வருமான வரிக் கணக்குக்காக என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் வங்கி கொடுத்த கடன் கணக்கு அறிக்கை. அதன் கடைசி வரியில் விரலை வைத்து, "சார், மூன்று வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறேன். ஒன்பதரை லட்சத்துக்கு மேல் போய்விட்டது. அசல் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையே, வங்கி தப்பாகப் போட்டிருக்கிறதா?" என்று கேட்டார்.

வங்கி தப்பாகப் போடவில்லை. அவர் கட்டியதெல்லாம் ப்ரீ-இஎம்ஐ வட்டி. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் இதே கேள்வியைப் பலர் கேட்டுவிட்டார்கள். எல்லோருமே கேட்டது பணம் போன பிறகுதான். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கட்டடம் முடியாத நிலையில் வங்கி முழுக் கடனையும் ஒரே தடவையில் கொடுப்பதில்லை. வேலை எந்தக் கட்டத்தை எட்டியதோ அதற்கேற்பத் தவணை தவணையாக பில்டருக்கு விடுவிக்கும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. முழுக் கடனும் போய்ச் சேரும்வரை, விடுவித்த தொகைக்கு மட்டும் நாம் மாதாமாதம் வட்டி கட்டுகிறோம். அதில் அசல் என்ற பங்கே கிடையாது. பில்டர் கையில் இருக்கும் நம் கடனுக்கு நாம் கொடுக்கும் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கணக்கையே பார்ப்போம். ஃப்ளாட் விலை 60 லட்சம். கைப்பணம் 12 லட்சம், கடன் 48 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு. ஒப்பந்தத்தில் இருந்த தவணை அட்டவணை இது: அஸ்திவாரம் முடிந்ததும் 12 லட்சம், முதல், மூன்றாம், ஐந்தாம் தளங்கள் போட்டதும் தலா 9 லட்சம், செங்கல், பூச்சு வேலைக்கு 6 லட்சம், சாவி தரும்போது 3 லட்சம்.

அஸ்திவாரத்துக்குப் பிறகு மாத வட்டி 8,500 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாகத் தளங்கள் ஏற ஏற 14,875, பிறகு 21,250, பத்தாம் மாதத்தில் 27,625. பதினாறாம் மாதம் பூச்சு வேலைத் தவணையும் போனதும் 31,875. ஒப்பந்தப்படி 24 மாதத்தில் வீடு கிடைத்திருந்தால் மொத்த வட்டி 5,86,500 ரூபாய். கிடைக்கவில்லை. மேலும் 12 மாதம் இழுத்ததில் 3,82,500 ரூபாய் கூடுதல். ஆக 9,69,000 ரூபாய். கடன் நிலுவை 45 லட்சம், அப்படியே. இதே காலத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்கு வாடகையும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இங்கே நான் தாமதத்தை விட அந்த அட்டவணையைத்தான் முதலில் குறை சொல்வேன். பத்தாம் மாதத்தில் வெறும் தூணும் தளமும்தான் நின்றன. ஆனால் கைப்பணத்தையும் சேர்த்து 51 லட்சம், அதாவது விலையில் 85 சதவீதம், பில்டரிடம் போயிருந்தது. தளம் போடுவது வேகமாக நடக்கும் வேலை. பூச்சு, பிளம்பிங், ஒயரிங், டைல்ஸ், லிஃப்ட், நிறைவுச் சான்றிதழ், மின் இணைப்பு ஆகியவைதான் மாதக்கணக்கில் இழுப்பவை. பணத்தின் பெரும்பகுதியைத் தளத்தோடு கட்டிவிட்டால், இழுக்கும் காலம் முழுவதும் நம் வட்டி உச்சத்தில் நிற்கும். வேலையை முடிக்க பில்டருக்கு இருக்கும் அவசரமோ குறைந்துவிடும்.

அதே 48 லட்சத்தை வேறு மாதிரி பிரித்திருக்கலாம். அஸ்திவாரத்துக்கு 9, மூன்று தளங்களுக்கும் தலா 6, செங்கலுக்கு 6, பூச்சு மற்றும் பிளம்பிங்குக்கு 6, டைல்ஸ், கதவு, ஜன்னலுக்கு 6, சாவிக்கு 3. ஐந்தாம் தளம் முடியும்போது 27 லட்சம்தான் போயிருக்கும். மாத வட்டி 27,625க்குப் பதில் 19,125. மாதம் 8,500 ரூபாய் மிச்சம் என்பது ஒரு பக்கம். தளத்துக்குப் பிறகு வேலை நின்றால் நம்மிடம் இன்னும் 21 லட்சம் பிடி இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். இப்படி மாற்றித் தரும்படி கேட்க ஒரே ஒரு காலம்தான் உண்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன். ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்க முடியாது. ஆகவே அந்தக் கட்டத்தில் நீங்கள் உட்கார்ந்து பேசலாம்.

அடுத்தது தவணைக் கோரிக்கைக் கடிதம். பில்டர் அனுப்பும் அந்தக் கடிதத்தோடு நம்முடைய கோரிக்கையும் சேர்ந்தால்தான் வங்கி பணத்தை விடுவிக்கிறது. அவருக்கு "ஐந்தாம் தளம் கான்கிரீட் முடிந்தது" என்று ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. ஞாயிறன்று மனைவியோடு போய்ப் பார்த்திருக்கிறார். சென்ட்ரிங் பலகை அடித்து, பாதிக் கம்பி கட்டியிருந்தது. கான்கிரீட் ஒரு சட்டிகூட விழவில்லை. இருந்தும், "எப்படியும் போடப்போகிறார்கள்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். 9 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி சுமார் 210 ரூபாய். தளம் 25 நாள் கழித்துத்தான் விழுந்தது. போன தொகை ஐயாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் வேலை நடக்காமலே பணம் வரும் என்று பில்டர் தெரிந்துகொண்ட நாள் அது. ஒவ்வொரு கடிதத்துக்கும் நேரில் போங்கள், தேதி தெரியும்படி புகைப்படம் எடுங்கள், கடிதத்தில் சொன்ன வேலை முடியவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பணம் விடுவித்த தேதியையும் அறிக்கையில் சரிபாருங்கள். காசோலை கைமாறுவதற்கு முந்தைய நாட்களுக்கு வட்டி போடுவது முறையல்ல என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டிருக்கிறது.

"கட்டிய வட்டிக்குப் பின்னால் வரிச் சலுகை வந்துவிடும்" என்று பலர் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது: பழைய வரி முறையில், வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம பங்காகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சொந்தக் குடியிருப்புக்கு அந்தப் பங்கும் அந்த ஆண்டின் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு. 48 லட்சத்துக்கு முதல் ஆண்டு வட்டியே நான்கு லட்சத்தைத் தாண்டுகிறது. கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கி ஆளுக்கு 2 லட்சம் கழித்தாலும் அது நிரம்பிவிடும். இவருக்கு அந்த 9,69,000 ரூபாயில், வீடு முடிந்த பிறகும் முதல் ஆண்டில் வரிக்காக நான் எழுத முடியப்போவது பூஜ்யம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆரம்பத்திலேயே முழு இஎம்ஐ கட்டலாமா என்று கேட்பார்கள். சில வங்கிகள் அனுமதிக்கின்றன. அப்போது வட்டி போக மீதி அசலில் கழியும். இவருக்கு முழு இஎம்ஐ சுமார் 41,650 ரூபாய். கட்டடம் முடியுமா என்று சந்தேகம் இருக்கும்வரை, அந்த வித்தியாசத்தை வங்கியில் கட்டாமல் தனிக் கணக்கில் சேர்த்து வையுங்கள் என்பதே என் யோசனை. தாமதமானால் வட்டிக்கும் வாடகைக்கும் அதுவே கைகொடுக்கும். சாவி வந்ததும் மொத்தமாக அசலில் கட்டிவிடலாம். தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் அபராதம் கிடையாது.

தாமதம் ஆனபிறகு கோபத்தில் வட்டியை நிறுத்திவிடாதீர்கள்; கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையே உள்ளது, கெடுவது உங்கள் சிபில் மதிப்பெண். ரெரா சட்டத்தின் 18ஆம் பிரிவு, வீட்டை விட்டு விலகாமல் காத்திருப்பவருக்குத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் பில்டர் வட்டி தர வேண்டும் என்கிறது. இவர் இப்போது அந்த மனுவைத் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் கொடுத்திருக்கிறார். கடைசித் தவணை 3 லட்சம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. "சாவி தயார்" என்று பில்டர் கடிதம் அனுப்பினார். நிறைவுச் சான்றிதழின் நகல் வராமல் அதற்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று இந்த முறை அவர் பதில் எழுதிவிட்டார்.