D6 பெட்டி எங்கே வந்து நிற்கும்?

திருகோணமலை ஸ்டேசனில் பெட்டியைத் தேடி யாரும் அலைந்திருக்க மாட்டார்கள். ரயில் அங்கேயே நிற்கும், ஒரு தடவை நீளத்துக்கு நடந்தால் உங்கள் பெட்டி கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தோடு சென்னை சென்ட்ரலில் போய் இறங்கினால்தான் திணறல். வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிற எங்கள் ஊர்ச் சனம் பெரும்பாலும் அங்கிருந்துதான் காட்பாடிக்கு ரயில் எடுக்கிறார்கள், அதனால் அந்தப் பயணத்தையே எடுத்துச் சொல்கிறேன்.

முதலில் டிக்கெட்டில் இருக்கும் நிலையக் குறியீட்டைப் பாருங்கள். MAS என்றால் சென்னை சென்ட்ரல், MS என்றால் எழும்பூர். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு நிலையங்கள். அப்புறம் ரயிலின் ஐந்து இலக்க எண். பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து போகும்போது 12639, திரும்பி வரும்போது 12640, பெயர் மட்டும் ஒன்றே. ஆகவே அறிவிப்புப் பலகையில் பெயரைத் தேடாமல் எண்ணைத் தேடுங்கள். நடைமேடை எண் டிக்கெட்டில் இருக்காது, ஏனென்றால் எந்த ரயில் எந்த மேடையில் நிற்கும் என்பதை அன்றைய போக்குவரத்தைப் பார்த்து நிலையத்தில்தான் முடிவு செய்கிறார்கள். முந்தைய ரயில் தாமதமானால் அதுவும் மாறும். இந்திய ரயில்வேயின் NTES செயலியில் முன்கூட்டியே பார்க்கலாம், ஆனாலும் கடைசியில் நம்ப வேண்டியது நிலையத்துப் பலகையையும் ஒலிபெருக்கியையும்தான்.

சரி, மேடை தெரிந்துவிட்டது. இனிப் பெட்டி.

பெட்டி வரிசையை எப்போதும் இஞ்சினிலிருந்துதான் எண்ணுவார்கள். சென்ட்ரல் ஒரு முட்டுச்சந்து மாதிரி, தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் உள்ளே வருவது அந்த முடிகிற பக்கத்தால். புறப்படும் ரயிலின் இஞ்சினோ மறுகோடியில், ஆகவே உங்களுக்குக் கிட்ட நிற்பது கடைசிப் பெட்டி. ஒரு பெட்டி சுமார் 24 மீற்றர் நீளம். ரயிலில் 22 பெட்டி, டிக்கெட்டில் உள்ள உங்கள் பெட்டி D6, அது இஞ்சினிலிருந்து ஐந்தாவது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 17 பெட்டியைக் கடக்க வேண்டும், அதாவது 408 மீற்றர். முழங்கால் நோவுள்ள அம்மா ஒரு செக்கனுக்கு அரை மீற்றர் நடந்தால் பதின்மூன்று பதினான்கு நிமிடம் பிடிக்கும், வழியில் இளைப்பாற நின்றால் இன்னும் கூட. மேடைக்கு வந்துவிட்டோம், இனி நேரம் இருக்கிறதுதானே என்று நினைக்கிறவர்கள் கடைசியில் ஓடுவது இதனால்தான்.

வரிசை தலைகீழாவதும் உண்டு. பொடி மெனிக்கேயில் பதுளைக்குப் போனவர்களுக்குத் தெரியும், கண்டிக்குள் போன ரயில் வந்த பக்கமே திரும்பி வெளியே வரும், முன்னால் இருந்த பெட்டி பின்னால் போய்விடும். இந்தியாவிலும் வழியில் இப்படித் திரும்பும் ரயில்கள் இருக்கின்றன. சிலவேளை ரயில் தொடரே வழமைக்கு மாறாகத் திரும்பி நிற்கும். அப்போது புதிய இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: மொத்தப் பெட்டியோடு ஒன்றைக் கூட்டி, பழைய எண்ணைக் கழியுங்கள். 22 + 1 − 5 = 18. ஐந்தாவதாக இருந்த D6 இப்போது பதினெட்டாவது, 13 பெட்டி தள்ளி, கிட்டத்தட்ட 312 மீற்றர். நடுவில் உள்ள பெட்டிகளுக்கு இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது, ஓரத்தில் இருப்பவைதான் அதிகம் இடம்பெயரும்.

சென்ட்ரலில் ரயில் ஏற்கெனவே நிற்பதால் நடந்து பார்த்துச் சரி செய்துகொள்ளலாம். திரும்பி வரும்போது காட்பாடியில் அந்த வசதி இல்லை, ரயில் வந்து சில நிமிடத்தில் கிளம்பிவிடும். மேடையில் தொங்கும் சிறு பலகைகள் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று காட்டும், ஆனால் அவை தங்களுக்குக் கொடுக்கப்பட்ட வரிசையைத்தான் காட்டும், ரயிலைப் பார்த்துச் சொல்வதில்லை. வரிசை மாறியது பதிவாகாவிட்டால் பலகையும் பிழையாகவே இருக்கும். ஆகவே ரயில் உள்ளே வரும்போது கதவருகே எழுதியிருக்கும் பெட்டி எண்களைப் படியுங்கள். D6 முன்பக்கம் என்று பலகை சொல்லி, அது வராமல் வேறு வகுப்புப் பெட்டிகளே தொடர்ந்து கடந்து போனால் வரிசை திரும்பியிருக்கலாம் என்று அர்த்தம். D7 வந்துவிட்டால் D6 பெரும்பாலும் அடுத்ததாகவே இருக்கும்.

வரிசையில் சந்தேகம் இருந்தால் நான் அம்மாவை ரயிலின் நடுப்பகுதி வந்து நிற்கும் இடத்தில் உட்கார வைப்பேன். வரிசை எப்படி வந்தாலும் அங்கிருந்து D6 ஆறரைப் பெட்டி தூரம்தான். அதையும் நடக்க நேரமில்லையென்றால் கிட்ட இருக்கிற முன்பதிவுப் பெட்டியில் ஏறிவிடுங்கள், பெட்டிகளுக்கு நடுவே உள்ளால் நடக்க வழி இருக்கும். முன்பதிவில்லாத பெட்டியில் மட்டும் ஏற வேண்டாம், அங்கிருந்து மற்றப் பெட்டிக்குப் போகும் வழி அடைபட்டிருக்கலாம், திறந்திருந்தாலும் அந்தச் சனத்துக்குள்ளால் பையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.