சட்டகக் கதை: வெளிச்சுற்றுக்கு என்ன வேலை?

மாதம் ஒருமுறை நூலக அறை ஒன்றில் ஏழெட்டுப் பேர் கூடி, ஒருவர் எழுதிய சிறுகதையை மற்றவர்கள் குதறுவது எங்கள் வழக்கம். சென்ற முறை ஒரு நண்பர் தம் கதையைக் கொடுக்கும்போது, "இது ஒரு பிரேம் ஸ்டோரி" என்றார். பிரேமைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் அரைமணி நேரம் போயிற்று. 'கதைக்குள் கதை' என்றார் ஒருவர். 'கிளைக்கதை' என்றார் இன்னொருவர். 'சட்டக் கதை' என்று ஒரு குரல் எழ, வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மையார் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. சன்னலுக்கும் கதவுக்கும் படத்துக்கும் போடுவது சட்டம்தான். நீதிமன்றத்தில் இருப்பதும் சட்டம்தான். 'சட்டக் கதை' என்றால் வழக்கு விவகாரம் என்றே காதில் விழும். ஆகவே 'சட்டகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வது நல்லது. பழைய அகராதிகள் அதற்கு வடிவு, உடல் என்ற பொருள்களையும் தருகின்றன. கதையைத் தாங்கும் உடல் என்று கொண்டால் நமக்கு வேண்டிய பொருள் ஏறக்குறைய கையில் வந்துவிடுகிறது. முழு வடிவத்துக்குச் 'சட்டகக் கதை', சொல்பவரும் கேட்பவரும் இருக்கும் சுற்றுக்கு 'வெளிக்கதை', சொல்லப்படுவதற்கு 'உட்கதை'. இந்த மூன்றும் போதும்.

'கதைக்குள் கதை' தவறில்லை. ஆனால் அது உள்ளே இருப்பதை மட்டுமே சுட்டுகிறது, நமக்குச் சிக்கலோ வெளியே இருக்கிறது. 'கிளைக்கதை' வேறு பொருள். மணிமேகலையில் ஆதிரையின் கதை கிளைக்கதை. முதன்மைக் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் கிளைத்துத் திரும்பி வந்து சேர்வது அது. சட்டகக் கதையில் பெரும்பாலும் உள்ளே இருப்பதுதான் மரம். பின்னோக்கு உத்தியும் இது ஆகாது. ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்து பழையதை நினைத்துப் பார்த்தால் அது நினைவு. வாய் திறந்து ஒருவரிடம் சொன்னால்தான் சட்டகம் உண்டாகிறது. சொல்பவர், கேட்பவர், சொல்லும் நேரம் ஆகிய மூன்றும் வேண்டும்.

மேலை நாட்டுப் பெயரின் வரலாறு சுவையானது. ஜெர்மன் மொழியில் இதற்கு 'ராமன்எர்ட்சேலுங்' என்பார்கள். ராமன் என்றால் சட்டம் (நம் ராமனுக்கு இதில் பங்கில்லை), எர்ட்சேலுங் என்றால் சொல்லப்படும் கதை. ஆங்கில 'பிரேம்' என்ற சொல்லோ பழைய ஆங்கிலத்தில் 'பயன்படுதல், உதவுதல்' என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்தது. பின்னர் ஆயத்தம் செய்தல், மரம் அறுத்துக் கூட்டுதல் என்று நகர்ந்து, கடைசியில்தான் சுவரில் தொங்கும் படத்தைச் சுற்றி வந்து நின்றது. வேரிலேயே 'பயன்படு' என்று இருப்பதால், வெளிக்கதையிடம் என்ன பயன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம்மவர்களுக்கு இது புதிய உத்தி இல்லை. வேதாளத்தைச் சுமந்த விக்கிரமாதித்தனை எல்லாருக்கும் தெரியும். அரசன் பதில் சொன்னால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும் என்பதே அந்தச் சட்டகத்தின் விசை. ஒவ்வொரு கதையும் அரசனை வாய் திறக்க வைக்கும் பொறி. ஆனாலும் என்னைக் கேட்டால், தமிழில் இந்த உத்தியைக் கற்க ஆகச் சிறந்த இடம் சிலப்பதிகாரப் பதிகம். பள்ளியில் முன்னுரை என்று எண்ணித் தாண்டிப் போகிற பகுதி அது.

குணவாயில் கோட்டத்தில் துறவியாக இருக்கும் இளங்கோவிடம் குன்றக் குறவர்கள் வருகிறார்கள். வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணைத் தேவர்கள் அவள் கணவனோடு அழைத்துச் சென்றதைக் கண்ணால் பார்த்தோம் என்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது முடிவு மட்டும். அவள் யார், முலை ஏன் போயிற்று என்பது தெரியாது. அங்கே உடனிருந்த சாத்தன், "யான் அறிகுவன் அது பட்டது" என்று தொடங்குகிறார். மதுரையில் நடந்தது அவருக்குத் தெரியும். எல்லாம் வினை விளையும் காலத்தால் நேர்ந்தது என்று அவர் சொல்ல, இளங்கோ விடவில்லை. அந்த வினைதான் என்ன என்று கேட்கிறார். அப்போதுதான் சாத்தன், தாம் நள்ளிரவில் வெள்ளியம்பலத்தில் படுத்திருந்தபோது மதுரைத் தெய்வம் கண்ணகியின் முன்னே தோன்றிச் சொன்னதைத் தாம் கேட்டதாகச் சொல்கிறார்.

தெய்வம் சொன்னது சிங்கபுரத்துக் கதை. சிங்கப்பூர்க்காரர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம், இது கலிங்க நாட்டுச் சிங்கபுரம். அங்கே வாணிகம் செய்ய வந்த சங்கமனைப் பகைவரின் ஒற்றன் என்று பொய்யாகப் பழி சொல்லிக் கொல்லவைத்தான் பரதன் என்பவன். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி, எங்களுக்கு இத்துயர் செய்தவர்களும் இதையே அடையட்டும் என்று சபித்துவிட்டு உயிர்விட்டாள். அந்தப் பரதன்தான் மறுபிறப்பில் கோவலன். ஊர் விட்டு ஊர் வந்து பொருள் விற்கப் போய், பொய்ப்பழியால் வெட்டுப்பட்டவன்.

நீலியின் சாபத்தைத் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. அதைச் சாத்தன் கேட்டு இளங்கோவிடம் சொல்கிறார், இளங்கோ நமக்குச் சொல்கிறார். மூன்று சுற்று. ஆனாலும் எந்தச் சுற்றும் அலங்காரம் இல்லை, ஏனென்றால் முழுக் கதையும் எவரிடமும் இல்லை. குறவரிடம் கடைசித் துண்டு, சாத்தனிடம் நடுத்துண்டு, தெய்வத்திடம் முற்பிறப்பு. கேட்டுக்கொண்டிருந்தவர் துண்டுகளைப் பொருத்தி, "நாட்டுதும் யாம் ஓர் பாட்டுடைச் செய்யுள்" என்கிறார். பதிகம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. இருக்கட்டும். நூலின் கடைசியில் வரந்தரு காதையைப் பாருங்கள். இளங்கோ தாமே கோயிலுக்குப் போகிறார். தன் தோழி தேவந்திகையின் மேல் வந்து பேசும் கண்ணகி, அரசைத் துறந்து வந்த அவருடைய சொந்த வரலாற்றை அவர் முகத்துக்கு நேரே சொல்கிறாள். உட்கதையின் பெண் சட்டகத்தைத் தாண்டி வந்து, தன் கதையைக் கேட்டவருக்கு அவர் கதையைச் சொல்லிவிடுகிறாள்! பதிகத்தை எடுத்துவிட்டுப் படித்தால் இந்த இடத்தின் வலு பாதியாகிறது. வெளிக்கதைக்கு வேலை இருக்கிறதா என்று அறிய இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியாது: கழற்றிப் பார்ப்பது.

நண்பர் கதைக்கும் இதைத்தான் செய்தோம். அவருடைய முதல் பிரதியில், வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசை, தே ஓ, பேரன், தாத்தா. "தாத்தா, ஒரு கதை சொல்லுங்கள்" என்கிறான் பேரன். தாத்தா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்துக்குப் போகிறார். பிரிட்டன் 1971 முடிவதற்குள் தன் படைகளைச் சிங்கப்பூரிலிருந்து விலக்கிக்கொள்ளப்போவதாக 1968-ல் அறிவித்ததும், தளத்தை நம்பியிருந்தவர்கள் வேலைக்கு என்ன செய்வது என்று தவித்த நேரம். தாத்தாவுடன் ஒரே அறையில் இருந்த கூட்டாளிக்கு வேலை போகிறது. அவர் கப்பலேறி ஊருக்குப் போய்விடுகிறார். கடைசியில் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பேரன் தோளைத் தொடுகிறான்.

முதல் பக்கத்தையும் கடைசிப் பத்தியையும் விரலால் மறைத்துவிட்டுப் படித்தோம். ஒன்றும் குறையவில்லை. பேரன் ஏன் இன்று கேட்கிறான், நேற்று ஏன் கேட்கவில்லை என்பதற்குப் பதில் இல்லை. அவன் கேட்டதால் எதுவும் மாறவும் இல்லை. இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. தாத்தா தாம் இல்லாத அறையில் மேலாளர் என்ன நினைத்தார் என்பது வரை சொல்கிறார். எழுத்தாளருக்குத் தெரிந்ததெல்லாம் சொல்பவருக்கும் தெரிந்துபோனால், சட்டகம் வெறும் அட்டை.

இரண்டாம் பிரதியில் நண்பர் பேரனை எடுத்துவிட்டார். அவன் இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன இளைஞன். தேக்கா உணவு நிலையத்தில் ஒரே மேசையில் உட்கார நேர்கிறது. செம்பவாங்கில் வேலை என்று அவன் சொன்னதும் பெரியவர் பிடித்துக்கொள்கிறார். பலமுறை பலரிடம் சொல்லிப் பழகிய கதை அது. இடையில் கூட்டாளியின் ஊர்ப்பெயர் வருகிறது. இளைஞன் தே கிளாஸைக் கீழே வைக்கிறான். அவ்வளவுதான், காரணம் சொல்லப்படவில்லை. நாம் மெல்லத்தான் புரிந்துகொள்கிறோம், அந்தக் கூட்டாளியின் பேரன்தான் இவன். இவன் வீட்டில் வேறொரு வடிவம் கேட்டு வளர்ந்திருக்கிறான். இப்போது வெளிக்கதையைக் கழற்ற முடியாது. உட்கதை பொய்யோ மெய்யோ என்று காட்டும் தராசு அங்கேதான் இருக்கிறது.

இதில் தமிழ் நமக்குத் தருகிற ஒரு கருவியை நண்பர் தெரியாமலேயே பயன்படுத்தியிருந்தார். அதை அவரிடம் சுட்டிக்காட்டியது நான்தான் என்பதில் எனக்குச் சிறு பெருமை. 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம்' என்பதில் கடைசியில் நிற்கும் 'ஆம்' ஒரு முழுச் சட்டகம். 'நான் பார்க்கவில்லை, எனக்கு ஒருவர் சொன்னார்' என்பதை ஓர் எழுத்திலும் ஒற்றிலும் அடக்கிவிடுகிறது. மேற்கோள் குறிக்குள் மேற்கோள் குறி, 'என்று சொன்னார் என்று சொன்னார்' என்ற சங்கிலி எதுவும் தேவையில்லை. உட்கதையின் தொடக்கத்தில் இரண்டு மூன்று 'ஆம்' போட்டுவிட்டு, பிறகு விட்டுவிடலாம். வாசகர் சொல்பவரை மறந்து உள்ளே போய்விடுவார். வெளிக்கதையை நினைவூட்ட வேண்டிய இடத்தில் மீண்டும் ஓர் 'ஆம்' போட்டால் போதும். வரிக்கு வரி போட்டால் வம்புப் பேச்சாகிவிடும் என்பது வேறு.

ஒருவர் தம் சொந்த அனுபவத்தைச் சொல்லும்போது இந்த 'ஆம்' வராது. 'நான் நின்றேன், அவன் போனான்' என்றுதான் வரும். பெரியவரும் நான்கு பக்கங்கள் அப்படியே சொல்கிறார்: பட்டறையில் இருவரும் சேர்ந்து நின்றோம், ஒரே சோற்றைப் பங்கிட்டோம், அன்று மழை பெய்தது, மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பிறகு வருகிறது இந்த வரி:

"அன்றைக்கு அவன் குடித்துவிட்டு வேலைக்கு வந்தானாம். அதனால் சீட்டைக் கிழித்துவிட்டார்களாம்."

பக்கத்தில் நின்றவருக்கு 'ஆம்' எதற்கு? முதல் பிரதியில் இதே வாக்கியம் 'வந்தான்', 'கிழித்துவிட்டார்கள்' என்று இருந்தது. இரண்டாவதில் கை தானாக எழுதியிருக்கிறது. யாரோ மேலாளரிடம் போட்டுக்கொடுத்த சொல் அது, அந்த யாரோ யார் என்பது அந்த ஒட்டில் ஒளிந்திருக்கிறது. கதையில் இளைஞனும் அதைக் கேட்டுவிடுகிறான்.

"எங்கள் தாத்தா வெற்றிலை மட்டும்தான் போடுவார், ஐயா" என்கிறான்.

நண்பரின் பிரதி அதற்குப் பிறகும் ஒரு பக்கம் போயிற்று. பெரியவர் மன்னிப்புக் கேட்கிறார், இளைஞன் எழுந்து போகிறான், தேக்காவில் விளக்குகள் எரிகின்றன. அந்தப் பக்கம் வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் எங்களுக்குள் சண்டை. இளைஞன் பேசிய பிறகு பெரியவர் ஒரே ஒரு வாக்கியத்தை 'ஆம்' இல்லாமல் திரும்பச் சொன்னால் போதும் என்பது என் கட்சி. அந்த வாக்கியம் எது என்பதில் நண்பர் அடுத்த மாதம் வரை தவணை கேட்டிருக்கிறார்.