ஃபோர்க் சீல் ஒழுகினால் முதலில் பைப்பைப் பாருங்கள்

பைக்கின் முன் ஷாக்கில், அதாவது ஃபோர்க்கில், எண்ணெய் ஒழுகுகிறது என்றால் பட்டறையில் கேட்கும் முதல் பதில், "சீல் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பதுதான். மாற்றிய சில வாரங்களில் அதே பக்கம் மறுபடியும் ஒழுகும். அப்போது புது சீல் மட்டமானது என்று பழி விழும். ஆனால் சீல் உரசி ஓடும் பைப்பில் சேதம் இருந்தால் எவ்வளவு நல்ல சீலும் நிற்காது. அந்தச் சேதம் சாலையில் மட்டும் வருவதில்லை. பழைய சீலைக் கழற்றும் ஸ்க்ரூ டிரைவராலும் வருகிறது.

சாதாரண ஃபோர்க்கில் மேலே இருப்பது கடினமான குரோமியம் பூசிய எஃகு பைப். அது கீழே உள்ள அலுமினிய பாட்டம் கேஸுக்குள் ஏறி இறங்கும். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். பாட்டம் கேஸின் வாயில் ஆயில் சீல் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் அதைப் பிடித்து வைக்கும் கம்பி கிளிப், அதற்கும் மேல் தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீல்.

ஆயில் சீலின் வேலை முழுக்க ஒரு மெல்லிய ரப்பர் உதட்டில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சிறு சுருள் ஸ்பிரிங் உதட்டைப் பைப்போடு அழுத்திப் பிடிக்கிறது. உதட்டின் இரண்டு பக்கமும் ஒரே சரிவில் இருக்காது. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும், காற்றுப் பக்கம் தட்டையாகவும் வெட்டியிருப்பார்கள். பைப் வெளியே வரும்போது செங்குத்தான பக்கம் எண்ணெயை வழித்துவிடுவதால், மிக மெல்லிய ஒரு படலம் மட்டும் பைப்போடு வெளியேறும். பைப் உள்ளே போகும்போது தட்டையான சரிவு அந்தப் படலத்தை அப்படியே அடியில் நுழைய விடும். வெளியே போனது திரும்பி வந்துவிடுகிறது. அதாவது நல்ல சீலும் எண்ணெயை முழுக்க அடைப்பதில்லை, போன அளவைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் ரப்பர் காய்ந்து உரசிக் கிழிந்துவிடும். பைப்பில் லேசான ஈரப் பளபளப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம். வளையமாகத் தேங்கி, பாட்டம் கேஸ் வழியாக வழிந்தால்தான் கசிவு. அதைத் தள்ளிப் போடக் கூடாது, ஏனென்றால் வழியும் எண்ணெய் பிரேக் பேடில் இறங்கினால் பிரேக் பிடிக்காது.

இந்த உதட்டுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலே போதும், அந்த இடத்தில் உதடு தூக்கிக்கொள்ளும். சேற்றில் ஓடிய வண்டிகளில் இது சகஜம். சீல் இன்னும் நன்றாகவே இருக்கும். டஸ்ட் சீலை மேலே நகர்த்திவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரல் அகலத்துக்கு நறுக்கி, முனையில் ஒரு சிறு கொக்கி போல வெட்டி, உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவே மெதுவாக நுழைத்துச் சுற்றி இழுங்கள். கறுப்பாக அழுக்கு வரும். துடைத்துவிட்டு ஃபோர்க்கைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். ஒழுகல் நின்றுவிட்டால் வேலை முடிந்தது.

நிற்கவில்லையென்றால் பைப்பைத் துணியால் நன்றாகத் துடைத்து, விரல் நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். பழைய நைலான் சாக்ஸை வைத்துத் தேய்த்தால் இன்னும் துல்லியம், சிறு பிசிறிலும் நூல் மாட்டும். கல் தெறித்துக் குரோம் உடைந்த இடத்தில் ஈரம் இறங்கி எஃகு துருப்பிடிக்கும். அந்தப் புள்ளியின் விளிம்பு ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ரப்பரை வெட்டும். பள்ளம் சீல் ஓடும் பகுதியில் இருந்தால்தான் கவலை. அதை அறிய, பைப்பில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, டஸ்ட் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு வழக்கமான பாதையில் ஓட்டிப் பாருங்கள். சீல் எதுவரை போகிறதோ அதுவரை டை மேலேறி நிற்கும்.

ஊசிமுனை அளவுப் பள்ளம் என்றால், எண்ணெயில் நனைத்த 1500 நம்பர் எமரி பேப்பரால் மேடான விளிம்பை மட்டும் தட்டையாக்கிவிட்டு, குழியை எபாக்ஸியால் நிரப்பி மறுபடி சமப்படுத்தலாம். பைப்பைச் சுற்றிக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் விழும் ஒவ்வொரு கோடும் உதட்டுக்கு அடியில் எண்ணெய் நழுவ ஒரு வாய்க்கால். குரோம் உரிந்து வந்தாலோ, பைப் வளைந்திருந்தாலோ இதெல்லாம் பயனில்லை. பைப்பையே மாற்ற வேண்டும், அல்லது புதிதாகக் குரோம் பூசி கிரைண்டிங் செய்ய வேண்டும்.

அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றுவதும் ஒரு காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 30 மி.மீ. பைப் 110 மி.மீ. உள்ளே போனால், ஏறத்தாழ 78 மி.லி. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலே 150 மி.லி. காற்று இருந்தால் அது 72 ஆகச் சுருங்கும், அழுத்தம் இரு மடங்குக்குச் சற்று மேல். 30 மி.லி. எண்ணெய் கூடிவிட்டால் காற்று 120 மி.லி.தான். அது 42 ஆகச் சுருங்கும்போது அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் சீல் அதைத் தாங்க வேண்டும்.

சரி, சீலை மாற்றியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 சிசி வண்டிகளில் வரும் 30 மி.மீ. ஃபோர்க்கையே எடுத்துக்கொள்கிறேன். எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றிய பிறகு, ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே மேல் மூடியையும் அடியில் உள்ள ஆலன் போல்ட்டையும் லேசாகத் தளர்த்திவிடுங்கள். கழற்றிய பின் ஆலன் போல்ட்டோடு உள்ளே உள்ள டேம்பர் ராடும் சேர்ந்து சுற்றத் தொடங்கினால், ஆளுக்கு ஆள் பைப்பை வைஸில் நெரிப்பார்கள். பாதிக் கீறல்கள் அங்கேயே விழுகின்றன. பைப்பைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால், சீல் ஓடாத மேல் பகுதியை மரக்கட்டைகளுக்கு நடுவே பிடியுங்கள்.

மூடியைத் திறக்கும்போது ஸ்பிரிங் தள்ளும், முகத்தை விலக்கி வையுங்கள். எண்ணெயை வடித்த பிறகு டஸ்ட் சீலை வெளிப்பக்கமிருந்து, பாட்டம் கேஸின் விளிம்பில் அண்டை கொடுத்து நெம்புங்கள். கிளிப்பை எடுக்கும் நேரத்தில் கூரான இரும்பு பைப்புக்கு மிக அருகில் போகிறது. பைப்பில் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு எடுங்கள். அப்புறம் ஆலன் போல்ட்டைக் கழற்றி, பைப்பை முழுவதும் உருவி எடுத்து, துணியில் சுற்றித் தள்ளி வையுங்கள். பழைய ஆயில் சீலை நெம்புவது இதற்குப் பிறகுதான். பைப் உள்ளே இருக்கும்போது சீலுக்கும் பைப்புக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகுவதை எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது. பெரிய வண்டிகளில் பைப்பைச் சுற்றி புஷ் என்ற வளையம் இருப்பதால் பைப் அப்படி உருவி வராது. அவற்றில் பைப்பையே சுத்தியல் போலச் சில தடவை வெட்டி இழுத்தால், புஷ் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும், நெம்பவே வேண்டாம்.

நெம்பும்போது பாட்டம் கேஸின் உள்சுவரையும் காக்க வேண்டும். அலுமினியம் மென்மையானது. அதில் கீறினால் சீலின் வெளிவட்டம் வழியாக எண்ணெய் வரும். நெம்பும் இடத்தில் மரத்துண்டு வைத்து, ஓரிடத்திலேயே முரட்டுத்தனமாகத் தூக்காமல், சுற்றிச் சுற்றி நெம்புங்கள்.

புது சீலைப் பைப்பின் மேல்முனை வழியாக இறக்கும்போது அங்குள்ள கூரான விளிம்பும் கிளிப் பள்ளமும் உதட்டைக் கிழித்துவிடும். முனையை மெல்லிய பாலிதீன் பையால் மூடி, ஃபோர்க் ஆயில் தடவி வழுக்கி இறக்குங்கள். சுருள் ஸ்பிரிங் தெரியும் குழிவான பக்கம் கீழே, எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். அதன் மேல் பழைய சீலைத் தலைகீழாக வைத்து, பைப்புக்கு மேல் தாராளமாக நுழையும் பிவிசி குழாய்த் துண்டால் தட்டுங்கள். பிவிசி குரோமில் பட்டாலும் கீறாது. கிளிப் உட்காரும் பள்ளம் முழு வட்டத்துக்கும் தெரிந்தால் சீல் இறங்கிவிட்டது. அடி போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவு எண்ணெயை இரண்டு பக்கமும் சமமாக ஊற்றுங்கள்.

முதல் இரண்டு நாள் கொஞ்சம் ஈரம் தெரியும், பூசிய எண்ணெய்தான். அதன் பிறகும் வந்தால், துடைத்துவிட்டு எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் பைப்பின் அதே இடத்தில் ஒற்றைக் கோடாக வந்தால் பைப்பில் கீறல் இருக்கிறது. சுற்றிலும் வளையமாக வந்தால் உதடு கிழிந்திருக்கலாம், அல்லது பைப் ஆடுகிற அளவுக்கு ஃபோர்க் தேய்ந்திருக்கலாம். டஸ்ட் சீலைத் தூக்கினால் பைப் உலர்ந்தும் ஆயில் சீலின் வெளி விளிம்பு மட்டும் ஈரமாகவும் இருந்தால், நெம்பும்போது பாட்டம் கேஸில் கீறல் விழுந்திருக்கிறது.