முக்கோணம் உடைந்தது, வொல்யூம் எங்கே?

கிளிநொச்சியில் நான் பின்னேரங்களில் கிரிப்டோ விலைச் சார்ட் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறேன். படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள். போன மாதம் ஒரு காலை 10.40க்கு அப்படி ஒரு தம்பி வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். "சேர், உடைச்சிட்டுது. 2.03இல வாங்கிட்டன்."

படத்தில் இருந்தது ஏறுமுக முக்கோணம். நாலு மணி நேரக் கான்டில், அதாவது ஒவ்வொரு கம்பமும் நாலு மணி நேர விலை அசைவு. மேலே 2.00 டொலரில் தட்டையான கோடு. விலை இரண்டு தடவை அங்கே முட்டித் திரும்பியிருந்தது. கீழே தாழ்வுகள் 1.70, 1.80, 1.88 என்று ஏறி வந்தன. விற்கிறவர் ஒரே விலையில் நிற்கிறார், வாங்குகிறவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார். அதனால்தான் விலை பெரும்பாலும் கோட்டைத் தாண்டி மேலே உடையும் என்கிறார்கள். உடைந்தால் முக்கோணத்தின் உயரமான 0.30ஐக் கூட்டி 2.30 வரை எதிர்பார்க்கலாம் என்பது கணக்கு. தம்பி கோடு கீறியதில் ஒரு பிழையும் இல்லை.

எவ்வளவு கொயின் கைமாறியது என்று காட்டும், கீழே இருந்த வொல்யூம் பட்டையைத்தான் அவர் பார்க்கவில்லை.

அந்தக் கான்டில் 9.30க்குத் திறந்தது. உலக நேரம் நள்ளிரவு ஆகும்போது இங்கே அதிகாலை 5.30. அதனால் நாலு மணி நேரக் கான்டில்கள் நமக்கு 5.30, 9.30, 1.30 என்றுதான் மூடும். 10.40க்கு 70 நிமிடம் மட்டுமே போயிருக்கிறது. அதற்குள் கைமாறியது 7 இலட்சம் கொயின். முந்தைய 20 கான்டில்களின் சராசரி 40 இலட்சம். சராசரி வேகத்தில் போயிருந்தால்கூட 70 நிமிடத்துக்குள் 11 இலட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். பரந்தனில் யாரோ இரண்டு மூட்டை நெல்லை நல்ல விலைக்கு விற்றார் என்பதற்காக, அந்தப் போகத்தின் விலையே அதுதான் என்று நாம் சொல்வோமா?

சராசரியோடு மட்டும் ஒப்பிடுவதும் முழு நியாயமில்லை. கிரிப்டோ சந்தை 24 மணி நேரமும் திறந்திருந்தாலும் நம் காலை வேளையில் அமெரிக்கா தூங்குகிறது. பட்டைகள் இயல்பாகவே குட்டையாக இருக்கும். அதனால் முந்தைய ஐந்து நாட்களில் இதே 9.30 கான்டிலை மட்டும் எடுத்துப் பார்த்தேன். 22 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் வரை இருந்தது. 1.30க்கு அன்றைய கான்டில் மூடியபோது வொல்யூம் 26 இலட்சம், விலை 1.99. ஆக, அது வழக்கமான ஒரு காலைப்பொழுது. கோட்டுக்கு மேலே ஒரு மெல்லிய வால் மட்டும் மிஞ்சியது. அடுத்த கான்டில் 1.93, இரவுக்குள் 1.88 தாழ்வும் போய்விட்டது. தம்பி 1.84இல் விற்றார். 60,000 ரூபாயில் 5,600 போல நட்டம். நகையை அடகு வைத்த காசு என்று பிறகுதான் சொன்னார். கிரிப்டோ பற்றி மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. அந்தக் காசை இதில் போட்டிருக்கவே கூடாது, அது வேறு கதை.

வொல்யூம் பட்டை பச்சையாக இருந்தால் வாங்குகிறவர்கள் கூட என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கொயினுக்கும் வாங்கினவர் ஒருவர், விற்றவர் ஒருவர். கான்டில் திறந்த விலைக்கு மேலே மூடினால் பச்சை, அவ்வளவுதான். எந்தப் பக்கம் உடையும் என்று முக்கோணத்துக்குள் இருக்கும்போது வொல்யூம் சொல்லாது. உடைந்த பக்கத்தை நம்பலாமா என்பதைத்தான் சொல்லும்.

சமச்சீர் முக்கோணத்தில் இது இன்னும் முக்கியம். அங்கே உச்சிகள் இறங்கும், தாழ்வுகள் ஏறும். வடிவம் எந்தப் பக்கமும் சாயாது. கோடுகள் நெருங்க நெருங்க வொல்யூம் வற்றுவது இயல்பு. பிறகு மேலே உடைவதென்றால் வொல்யூம் தெளிவாகப் பெருக வேண்டும். விலையைத் தூக்கக் காசு வேண்டுமே. கீழே விழ அது கட்டாயமில்லை. வாங்க ஆள் இல்லாவிட்டாலே விலை தன் பாரத்தில் இறங்கிவிடும். ஆகவே "வொல்யூம் இல்லை, இது பொய் உடைப்பு" என்று கீழ்ப்பக்க உடைப்பை அலட்சியம் செய்யாதீர்கள். கோடுகள் சந்திக்கும் முனைவரை விலை உடையாமலே ஊர்ந்து வந்தால் நான் அந்தச் சார்ட்டையே மூடிவிடுவேன்.

இவ்வளவும் பார்த்து நானும் பிழைவிட்டிருக்கிறேன். ஒரு சின்னக் கொயினில் வொல்யூம் மூன்று மடங்கு, கான்டிலும் கோட்டுக்கு மேலேயே மூடியது. வாங்கினேன், அடுத்த நாளே விழுந்தது. அப்புறம் பார்த்தால் அந்தப் பெருக்கம் ஒரே ஒரு எக்ஸ்சேஞ்சில்தான். மற்ற இரண்டில் பட்டை அசையவே இல்லை. தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று வொல்யூம் காட்டுகிறவர்கள் சின்னக் கொயின்களில் நிறைய. இப்போது குறைந்தது இரண்டு எக்ஸ்சேஞ்சின் சார்ட்டைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். உடைந்த கோட்டுக்கு விலை திரும்பி வரும்போது வொல்யூம் குறைவாக இருக்கிறதா என்றும் பார்ப்பேன். அங்கேயும் பட்டை உயர்ந்தால், விற்கிறவர் இன்னும் போகவில்லை.