ஐந்து வரி, ஐந்து வால்

போன மாசம் மருமகன் தன்னுடைய சுயவிபரக்கோவையை நீட்டினான். நிலாவெளியில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் இரண்டு சீசன் வரவேற்பு மேசையில் நின்றவன், இப்போது பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறான். அந்த வேலையைப் பற்றி எழுதியிருந்தது இவ்வளவுதான்:

- வந்த விருந்தினரைப் பதிவு செய்தேன்
- அறை முன்பதிவுகளுக்குப் பொறுப்பு
- புறாத்தீவுப் படகுப் பயணங்களை ஒழுங்கு செய்தல்
- கணக்குப் புத்தகம் எழுதத் தெரியும்
- விருந்தினரின் முறைப்பாடுகள் என்னால் தீர்க்கப்பட்டன

"எங்க மாமா பிழை?" என்றான். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. "வரிகளின்ட வாலை மட்டும் வாசி" என்றேன். செய்தேன், பொறுப்பு, செய்தல், தெரியும், தீர்க்கப்பட்டன. வாசித்துவிட்டு அவனே சிரித்தான்.

இது அழகுப் பிரச்சினை இல்லை, வாசிப்பவரின் மூளை வேலைசெய்யும் விதம் சம்பந்தப்பட்டது. ஒரு வாக்கியத்தை வாசிக்கும்போது சொற்களின் பொருளை மட்டுமல்ல, யார், எதை, என்ன செய்தார் என்ற சட்டகத்தையும் சேர்த்தே கட்டுகிறோம், கட்டிய சட்டகம் உடனே கலைந்துவிடுவதில்லை, அடுத்த வரியும் அதே வடிவத்தில் வந்தால் புதிய சரக்கை மட்டும் அதில் போட்டுக்கொண்டு போய்விடலாம். மொழியியலாளர் லின் ஃப்ரேசியரும் கூட்டாளிகளும் 1984இல் ஆங்கில வாக்கியங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். இணைக்கப்பட்ட இரண்டு பகுதிகளும் ஒரே அமைப்பில் இருந்தபோது, இரண்டாவது பகுதியை மக்கள் வேகமாக வாசித்தார்கள். பட்டியல் என்பதும் ஒரு நீண்ட இணைப்புத்தானே, ஆகவே அங்கேயும் இதே கதைதான் என்பது என் கணிப்பு. தமிழ்க் காதுக்கு இது ஏற்கனவே தெரியும். "சோறும் கறியும்" என்போம், "சோறும் கறி" என்று யாராவது நிறுத்தினால் மீதி எங்கே என்று காத்திருப்போம்.

சுயவிபரக்கோவை எழுதச் சொல்லித்தரும் ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒவ்வொரு வரியையும் வினையில் தொடங்கு என்கின்றன. அந்த மொழியில் அது சரி, ஏனென்றால் எழுவாயைத் தூக்கிவிட்டால் வரியின் முதலில் நிற்பது வினைதான். தமிழில் வினை கடைசியில் வரும். அதனால் நாம் பார்க்கவேண்டிய இடம் தலை அல்ல, வால். எல்லாம் "-தேன்" என்று முடியட்டும், அல்லது எல்லாம் "-தல்" என்று முடியட்டும். முடிந்துபோன வேலைக்கு நான் "-தேன்" பக்கம்தான், "செய்தல்" என்று மட்டும் எழுதினால் அது செய்ததா, செய்யவேண்டிய கடமையா என்று தெரியாது.

சரி, மாற்றலாம் என்று உட்கார்ந்தோம். முதல் வரி அப்படியே இருந்தது. மூன்றாவது "ஒழுங்கு செய்தேன்" என்றும் ஐந்தாவது "தீர்த்தேன்" என்றும் நிமிடத்தில் மாறின. இரண்டாவதில் மாட்டிக்கொண்டோம். "பொறுப்பு" என்பதை "-தேன்" ஆக்கவேண்டுமென்றால் என்ன செய்தாய் என்று சொல்லியாக வேண்டும்.

"முதலாளிதான் புத்தகத்தில எழுதுவார். நான் போன் எடுத்துக் கேட்டுச் சொல்லுவன்."

அப்படியென்றால் "தொலைபேசியில் வந்த முன்பதிவுகளைக் கேட்டு அறிவித்தேன்". முன்னதைவிடச் சின்னதாகத் தெரியும்தான், ஆனால் நேர்முகத்தில் யாராவது தோண்டினால் நிற்கும். பெயர்ச்சொல்லில் முடிகிற வரி பல நேரம் இப்படித்தான், வினை இல்லாத இடத்தில் ஒரு மங்கலை ஒளித்து வைத்திருக்கும்.

நான்காவது வரி எவ்வளவு வளைத்தாலும் வரவில்லை. அந்த விடுதியில் அவன் கணக்கே எழுதவில்லை, வகுப்புக்குப் போய்ப் படித்தது. அப்போ அது அங்கே இருக்கவேண்டிய வரியே இல்லை. கீழே திறன்கள் பகுதிக்கு அனுப்பினோம். அங்கே எல்லாம் பெயராக இருந்தன, சிங்களப் பேச்சு, ஆங்கிலப் பேச்சு, கணினித் தட்டச்சு. "எழுதத் தெரியும்" அங்கேயும் துருத்தியது, "கணக்குப் பதிவு" என்றாக்கியதும் அடங்கிவிட்டது.

ஒரே வடிவம் என்றால் ஒரே சொல் இல்லை. முதலில் அவன் உற்சாகத்தில் எல்லாவற்றையும் "செய்தேன், செய்தேன்" என்று முடித்துவிட்டான், கோயில் கும்மிப் பாட்டு மாதிரி இருந்தது. வால் ஒன்றாக இருக்கட்டும், வினை வேறு வேறாக இருக்கட்டும். வரிகளின் நீளத்தை அளந்து சமமாக்கவும் தேவையில்லை.

அப்புறம் இன்னொன்று, இந்த ஒழுங்கு ஒரு பட்டியலுக்குள் மட்டும்தான். அவன் இப்போது உப்புவெளியில் ஒரு படகுக்காரரிடம் பகுதிநேரமாக நிற்கிறான், அந்த வேலைக்குத் தனித் தலைப்பு. விடுதிப் பட்டியலோடு ஒத்துப்போகவேண்டும் என்று அதையும் "டிக்கெட் எழுதினேன்" என்று போட்டிருந்தான்.

"அங்க இருந்து விலகிட்டியா?"

"இல்லையே, நாளைக்கும் போகணும்."

"எழுதுகிறேன்" என்று திருத்தினான். அதற்குக் கீழே இருந்த இரண்டு வரிகளையும் நான் சொல்லாமலே மாற்றினான்.